ரத்துசெய் – எதை?

பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்றைத் தமிழில் வைத்துப் பயன்படுத்துகிறார் ஒருவர். பயணம் தள்ளிப்போகிறது, எடுத்த டிக்கெட்டை ரத்துசெய்ய வேண்டும். அதற்கான இடத்தைத் தொட்டதும் திரையின் நடுவில் ஒரு சிறு பெட்டி எழுகிறது. "இந்த டிக்கெட்டை ரத்துசெய்ய வேண்டுமா?" என்று கேட்கிறது. கீழே இரண்டு பட்டன்கள். ஒன்றில் "ரத்துசெய்" என்றும் மற்றதில் "சரி" என்றும் இருக்கிறது.

ரத்துசெய்ய வந்தவர் "ரத்துசெய்" என்பதைத்தான் தொடுவார். பெட்டி மூடிக்கொள்கிறது. வேலை முடிந்தது என்று போனைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். உண்மையில் டிக்கெட் அப்படியே இருக்கிறது. அந்தப் பட்டனின் வேலை டிக்கெட்டை ரத்துசெய்வது அல்ல, கேள்விப் பெட்டியை மூடிவிட்டு முந்தைய திரைக்குத் திரும்புவது. டிக்கெட்டை ரத்துசெய்ய அவர் "சரி"யைத் தொட்டிருக்க வேண்டும். பேருந்து புறப்பட்டுப் போனபிறகு, பணம் ஏன் இன்னும் வரவில்லை என்று தேடும்போதுதான் இது அவருக்குத் தெரியவரும்.

இதில் எந்தச் சொல்லையும் தவறு என்று சொல்ல முடியாது. மூலத்தில் Cancel என்று இருந்தது, அதற்கு "ரத்துசெய்" என்பது சரியான தமிழ்தான். ஆங்கிலத்திலும் இதே பொறி உண்டு. ஆனால் OK, Cancel என்ற இணையைக் கணினியில் பல்லாண்டுகளாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அங்கே Cancel என்றால் "விட்டுவிடு" என்று பொருள் பிடிபட்டுவிடுகிறது. தமிழில் முதன்முறையாகப் படிப்பவருக்கு அந்தப் பழக்கம் துணைக்கு வராது. அவர் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிக்கிறார். அவருக்கு "டிக்கெட்டை ரத்துசெய்" என்றும் "வேண்டாம்" என்றும் இரண்டு பட்டன்களைக் கொடுத்திருந்தால் குழப்பத்துக்கே இடமிருந்திருக்காது.

மொழிபெயர்த்தவர் ஏன் அப்படிக் கொடுக்கவில்லை? அவர் அந்தப் பெட்டியைப் பார்க்கவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு செயலியில் திரையில் தெரியும் எழுத்தெல்லாம் நிரலிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டு ஒரு கோப்பில் வைக்கப்படும். பட்டனில் இருக்கும் ஒற்றைச் சொல்லானாலும், பிழைச்செய்தியாக வரும் இரண்டு வரியானாலும், அது ஒரு துண்டு. இத்துறையில் அதை "ஸ்ட்ரிங்" என்பார்கள். ஆயிரக்கணக்கான ஸ்ட்ரிங்குகள் எக்ஸெல் தாளாகவோ மொழிபெயர்ப்புத் தளத்தில் வரிசையாகவோ மொழிபெயர்ப்பாளரிடம் வந்து சேரும். இடப்பக்கம் ஆங்கிலம் இருக்கும், வலப்பக்கம் காலியாக இருக்கும். எந்தத் திரை, எந்த மூலை, தொட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது. நீளமான வாக்கியம் தன் சூழலைத் தானே சொல்லிவிடும். ஒற்றைச் சொல்லால் அது முடியாது. மொழிபெயர்ப்பில் இரண்டு பத்தி கட்டுரையைவிட ஒரு பட்டன்தான் கடினம்.

அதே முன்பதிவுச் செயலியில் From என்று ஒரு ஸ்ட்ரிங் வருகிறது. ஆங்கிலத்தில் அது தனித்து நிற்கும் சொல். தமிழில் அந்தப் பொருளைத் தருவது பெயரின் வாலில் ஒட்டும் "-இலிருந்து" என்ற உருபு. உருபைத் தனியே ஒரு பெட்டிக்கு மேல் தலைப்பாக வைக்க முடியாது. எனவே அந்தப் பெட்டியில் எதை நிரப்பப் போகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். பயணத் தேடல் என்றால் "புறப்படும் ஊர்". தேதிவாரியாகப் பழைய டிக்கெட்டுகளைத் தேடும் திரை என்றால் "தொடக்க நாள்". செய்திப் பெட்டி என்றால் "அனுப்புநர்". ஆங்கிலத்துக்கு ஒரே சொல் போதும், தமிழுக்கு மூன்று வேண்டும்.

இங்கேதான் நிரலாளர்களின் சிக்கனம் இடையூறாகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்தானே என்று மூன்று இடத்திலும் ஒரே ஸ்ட்ரிங்கைப் பயன்படுத்திவிடுகிறார்கள். லினக்ஸ் உலகத்தில் பரவலாக உள்ள கெட்டெக்ஸ்ட் முறையில் இது தானாகவே நடக்கும். ஆங்கில வடிவம் ஒன்றாக இருந்தால் அது எல்லாவற்றையும் ஒரே பதிவாக இணைத்துவிடும். அப்போது மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மூன்றில் இரண்டு இடம் தவறாகத்தான் போகும். இதற்கு மருந்தும் அந்த முறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஒரு சூழல் வரி சேர்த்தால், பதிவுகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

```
#. Label above the box for the starting town
msgctxt "trip search"
msgid "From"
msgstr "புறப்படும் ஊர்"

#. First day of a date range, label
msgctxt "past tickets"
msgid "From"
msgstr "தொடக்க நாள்"
```

`#.` என்று தொடங்கும் வரி, நிரலாளர் மொழிபெயர்ப்பாளருக்கு எழுதும் குறிப்பு. `msgctxt` என்பது இரண்டையும் வேறுபடுத்தும் சூழல். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனிப் பெயர் இருப்பதால் இந்தச் சிக்கலைத் தவிர்ப்பது இன்னும் எளிது. `from` என்று ஒரே பெயரை மூன்று இடத்துக்கும் வைக்காமல், `search_from_town`, `history_from_date` என்று தனித்தனியாக வைத்தால் போதும்.

குறிப்பு எழுதுவதிலும் பயனுள்ளது, பயனற்றது என்று உண்டு. "இது ஒரு பட்டன்" என்று எழுதினால் பாதி உதவிதான். Book என்ற பட்டனுக்கு, "பயணி தொட்டதும் பணம் கட்டும் திரைக்குப் போகும், வினைச்சொல்" என்று எழுதினால் "முன்பதிவு செய்" என்று தயங்காமல் எழுதலாம். யார் யாரிடம் பேசுகிறார் என்பதும் தெரிய வேண்டும். பட்டனில் இருப்பது பயன்படுத்துபவர் கருவிக்குச் சொல்லும் கட்டளை. ஆகவே "சேமி", "தேடு", "அனுப்பு" என்று சுருக்கமாக இருப்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. அறிவுறுத்தலிலோ கருவி நம்மிடம் பேசுகிறது. அங்கே "உங்கள் தொலைபேசி எண்ணை உள்ளிடவும்" என்றுதான் இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் சில செயலிகளில் பட்டனெல்லாம் "சேமிக்கவும்", "தேடவும்" என்று நீண்டு இடத்தை அடைக்கின்றன, அறிவிப்புகளோ "எண்ணை உள்ளிடு" என்று அதட்டுகின்றன.

ஒற்றைச் சொல்லைவிடப் பெரிய தொல்லை, நடுவில் ஓட்டை வைத்த வாக்கியம். நிரல் ஓடும்போது ஊர்ப்பெயரோ ஆள் பெயரோ எண்ணோ அந்த ஓட்டையில் வந்து விழும். `%s` என்பது அப்படியொரு ஓட்டை. "Bus to %s" என்பதை "%sக்குச் செல்லும் பேருந்து" என்று எழுதிவிடத் தோன்றும். மதுரையை வைத்துப் பார்த்தால் "மதுரைக்குச் செல்லும் பேருந்து" என்று அழகாக வரும். திருச்சிக்கும் சரியாக வரும். சேலம் வந்ததும் "சேலம்க்கு" ஆகும். ஈரோடு வந்தால் "ஈரோடுக்கு", திருவையாறு வந்தால் "திருவையாறுக்கு". தமிழில் உருபு ஏறும்போது பெயரே உருமாறுகிறது: சேலத்துக்கு, ஈரோட்டுக்கு, திருவையாற்றுக்கு. நிரலுக்கு இது தெரியாது. அது இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். சரிபார்ப்பவர் மதுரையை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் இந்தப் பிழை வெளியே தெரியாது. எனவே ஐ-யில் முடியும் ஊர் ஒன்று, ம்-இல் முடிவது ஒன்று, டு-வில் ஒன்று, று-வில் ஒன்று, ஊர் என்று முடிவது ஒன்று என ஒரு கைப்பட்டியல் வைத்துக்கொண்டு சோதிப்பதே நல்லது.

"%s-க்கு" என்று நடுவில் கோடு போட்டுத் தப்பிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. "சேலம்-க்கு" என்பது படிக்க இடறுகிறது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டையில் விழும் பெயர் எந்த உருபும் ஏறாமல் எழுவாய் வடிவிலேயே நிற்கும்படி வாக்கியத்தைத் திருப்பி எழுதுவதே சரியான வழி. "சேரும் ஊர்: சேலம்" எந்த ஊருக்கும் பொருந்தும். "சேலம் – ஈரோடு" என்று தலைப்பு வைத்தால் இரண்டு ஊர்ப்பெயரும் மாறாமல் நிற்கும், திசையும் புரியும். வாக்கியமாகவே வேண்டும் என்றால் "சேலம் செல்லும் பேருந்து" என்று உருபே இல்லாமல் எழுதலாம். மக்கள் பேருந்து நிலையத்தில் கேட்பதே அப்படித்தானே.

ஆள் பெயர் விழும் ஓட்டையில் வேறொரு சங்கடம். "முருகன் உங்களுடன் டிக்கெட்டைப் பகிர்ந்தார்" என்று எழுதினால், வள்ளி வந்தாலும் "பகிர்ந்தார்" பொருந்தும், மரியாதையாகவும் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் ஒரு பயண நிறுவனத்தின் பெயர் வந்தால் "பகிர்ந்தது" என்றாக வேண்டும். இரண்டும் வரக்கூடிய இடம் என்று குறிப்பு சொன்னால், "டிக்கெட் பகிரப்பட்டது. அனுப்புநர்: …" என்று மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஓட்டையில் என்னென்ன வரும் என்பதை நிரலாளர் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தோன்றாது.

ஓட்டைகள் இரண்டாக இருந்தால் வரிசை முக்கியம். முன்பதிவில் மூன்று படிகள், இப்போது இரண்டாவதில் இருக்கிறோம். ஆங்கிலம் Step 2 of 3 என்று சிறிய எண்ணை முதலில் சொல்லும். தமிழ் மொத்தத்தை முதலில் சொல்லும். வரிசையை மாற்றாமல் "%d படிகளில் %d-ஆவது" என்று எழுதிவிட்டால், திரையில் "2 படிகளில் 3-ஆவது" என்று வரும். ஓட்டைகளுக்கு எண் கொடுத்தால் தீர்ந்தது:

```
msgid "Step %d of %d"
msgstr "மொத்தம் %2$d படிகளில் %1$d-ஆவது"
```

ஒருமை, பன்மைக்கும் இதே கவனம் வேண்டும். தமிழில் பெயர் மட்டுமல்ல, வினையும் மாறுகிறது. "1 இருக்கை உள்ளது", "5 இருக்கைகள் உள்ளன". "இருக்கை", "இருக்கைகள்" என்ற சொற்களை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்து மீதி வாக்கியத்தைப் பொதுவாக வைத்தால், "1 இருக்கை உள்ளன" என்று வந்து நிற்கும். முழு வாக்கியமும் இரண்டு வடிவிலும் இருந்தாக வேண்டும். ஆண்ட்ராய்டில் அது இப்படி அமையும்:

```
<plurals name="seats_left">
  <item quantity="one">%d இருக்கை உள்ளது</item>
  <item quantity="other">%d இருக்கைகள் உள்ளன</item>
</plurals>
```

இனி சொற்பட்டியல். ஒரு செயலியின் சொற்பட்டியலை அகராதி என்று நினைத்துவிடக் கூடாது. அகராதி ஒரு சொல்லுக்குள்ள எல்லாப் பொருளையும் தரும். சொற்பட்டியல், இந்தச் செயலியில் இந்தப் பொருளுக்கு இந்தச் சொல் மட்டும் என்று முடிவெடுத்துப் பூட்டும்.

பணம் கட்டும் திரையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் Fare, Fee, Charges என்று மூன்று வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் தனித்தனியே வேலைசெய்தாலும், ஒருவரே வெவ்வேறு நாளில் செய்தாலும், மூன்றுக்கும் கைக்கு வரும் முதல் சொல் "கட்டணம்". ஒரே திரையில் கட்டணம், கட்டணம், கட்டணங்கள் என்று மூன்று தொகைகள் நிற்கும். பணம் கட்டுபவருக்கு எது எதற்கு என்றே புரியாது. இதை அந்தத் திரையின் முன் உட்கார்ந்து தீர்க்க முடியாது, முன்பே பட்டியலில் தீர்த்திருக்க வேண்டும். Fare என்பது பேருந்துக்காரருக்குப் போவது, எனவே "பயணக் கட்டணம்". Fee என்பது செயலி தனக்காக எடுத்துக்கொள்வது, எனவே "சேவைக் கட்டணம்". டிக்கெட்டை ரத்துசெய்யும்போது கழித்துக்கொள்ளும் தொகைக்கு "ரத்துப் பிடித்தம்". சம்பளத்திலும் வங்கிக் கணக்கிலும் கழிப்பதை மக்கள் பிடித்தம் என்றுதான் சொல்கிறார்கள். சொன்னவுடன் நம் பணத்திலிருந்து போவது என்று புரிந்துவிடும்.

பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் ஆங்கிலச் சொல், இந்தச் செயலியில் அதன் பொருள், அது பெயரா வினையா, ஏற்ற தமிழ்ச் சொல் ஆகியவற்றுடன், பயன்படுத்தக் கூடாத தமிழ்ச் சொல்லும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேலைக்கு உதவுவது அதுதான். "டிக்கெட்" என்று முடிவானால், "பயணச்சீட்டு" என்பது பட்டியலின் தள்ளிவைத்த சொல்லாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டனில் டிக்கெட்டும் உதவிப் பக்கத்தில் பயணச்சீட்டும் இருக்கும், இரண்டும் ஒன்றா வேறா என்று படிப்பவர் யோசிப்பார். இரண்டில் எது நல்ல தமிழ் என்ற விவாதம் நீளக்கூடியது. பயணச்சீட்டு என்பது எல்லாருக்கும் புரியும் நல்ல சொல் என்பதை மறுக்கவில்லை. முன்பதிவுச் செயலிக்கு நான் டிக்கெட் பக்கம்தான் நிற்பேன். அவசரத்தில் திரையைப் பார்ப்பவர் வாயில் என்ன சொல் இருக்கிறதோ, அதே சொல்லைத்தான் கண்ணும் தேடும்.

அதே செயலி இலங்கைக்கும் போகுமானால் பட்டியலில் இன்னொரு நெடுவரிசை வேண்டும். அங்கே இருக்கை என்பதைவிட "ஆசனம்" இயல்பு. இங்கே ரசீது, அங்கே "பற்றுச்சீட்டு". முழுச் செயலியையும் இரண்டு முறை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் பொதுத் தமிழ் `values-ta` என்ற கோப்புறையில் இருக்கும். வேறுபடும் சில ஸ்ட்ரிங்குகளை மட்டும் `values-ta-rLK` என்பதில் வைத்தால் போதும். அதில் இல்லாததைப் பொதுத் தமிழிலிருந்து கருவியே எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தபிறகும் திரையைப் பார்க்காமல் வேலை முடியாது. தாளில் சரியாக இருக்கும் சொல் திரையில் வெட்டுப்படலாம். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் "மீ", "கீ" போன்றவற்றின் மேல் சுழியும், "ழு", "மூ" போன்றவற்றின் அடிப்பகுதியும் நறுக்குப்படும். மேல் சுழி நறுக்குப்பட்டால் "கி"யும் "கீ"யும் ஒன்றாகத் தெரியும். பட்டனின் அகலம் போதாவிட்டால் "முன்பதிவு செய்" என்பது "முன்பதி…" என்று நிற்கும். இதைக் கண்டுபிடிக்க, சிறிய திரையுள்ள போனை எடுத்து, அமைப்புகளில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிவிட்டு ஒவ்வொரு திரையாகப் பார்க்க வேண்டும். கண் மங்கிய பெரியவர்கள் வைத்திருக்கும் அமைப்பு அதுதான்.

கணினி தமிழ் எழுத்தை எண்ணும் விதமும் பல இடங்களில் வம்பு செய்கிறது. "பேருந்து" என்பதில் நம் கண்ணுக்கு பே, ரு, ந், து என நான்கு எழுத்துகள். யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள், அதனால் அது எட்டு. பெயரின் முதல் எழுத்தை எடுத்து வட்டத்துக்குள் போடும் செயலிகள், மீனாவுக்கு "மீ" போடாமல் "ம" என்று போடுவது இதனால்தான். குறுஞ்செய்தியிலும் இது செலவாகிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்-க்கு 160 குறிகள் இடமுண்டு, தமிழில் வெறும் 70. டிக்கெட் உறுதியானதைச் சொல்லும் செய்தியைத் தமிழில் எழுதும்போது, 70-க்குள் முதலில் பேருந்து எண்ணும் நேரமும் வந்துவிடுகிறதா என்று எண்ணிப் பார்த்து எழுத வேண்டும்.

திரையைச் சோதிக்கத் தனித்தனியாகப் படங்களைப் புரட்டுவதைவிட, ஒரு முழு வேலையைச் செய்துபார்ப்பதே பலன் தரும். ஊரைத் தேடி, இருக்கையைத் தேர்ந்து, பணம் கட்டும் வரை போய், பிறகு ரத்துசெய்து பார்க்க வேண்டும். நடுவில் இணையத்தை அணைத்தால் என்ன செய்தி வருகிறது, ஒரே ஒரு இருக்கை மீதம் இருந்தால் என்ன சொல்கிறது, பேருந்தே இல்லாத நாளில் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பிழைச்செய்திகள்தான் அதிகம் கைவிடப்பட்டவை. பல செயலிகளில் எல்லாம் தமிழாக இருக்க, தவறு நேரும் தருணத்தில் மட்டும் ஆங்கிலம் வந்து நிற்கும். நிரலுக்குள்ளேயே எழுதிவிட்ட, கோப்புக்கு வராமலே போன வாக்கியங்கள் அவை. பார்ப்பவர் மொழிபெயர்த்தவராக இல்லாமல், ஆங்கிலத்தை நம்பிப் படிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. மொழிபெயர்த்தவரின் மனம் ஆங்கில மூலத்தை நினைவில் வைத்துக்கொண்டு, தமிழில் உள்ள இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். கண்ட பிழையைச் சொல்லும்போது திரைப் படத்தோடு அந்த ஸ்ட்ரிங்கின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், திருத்துபவர் தேடி அலைய வேண்டியதில்லை.

வெளியீட்டுக்குப் பிறகு வரும் ஆபத்து ஒன்று உண்டு, அது எளிதில் கண்ணில் படாது. ரத்துசெய்வதற்கான விதி மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேருந்து புறப்பட 12 மணி நேரத்துக்கு முன்பு வரை ரத்துசெய்தால் முழுப் பணமும் உண்டு என்று இருந்ததை, 24 மணி நேரம் என்று ஆங்கில ஸ்ட்ரிங்கில் மாற்றுகிறார்கள். கெட்டெக்ஸ்ட் முறையில், கோப்பைப் புதுப்பிக்கும்போது பழைய தமிழ் "ஐயத்துக்குரியது" என்ற பொருளில் `fuzzy` என்று குறிக்கப்படும். யாராவது பார்த்து உறுதிசெய்யும்வரை திரையில் ஆங்கிலமே தெரியும். அசிங்கமாக இருந்தாலும் தகவல் சரியாக இருக்கும். ஆண்ட்ராய்டின் கோப்புகளில் அப்படி ஒரு குறி தானாக விழாது. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு 24 மணி நேரம் என்றும், தமிழில் படிப்பவருக்கு 12 மணி நேரம் என்றும் மாதக்கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கும். தமிழை நம்பி 20 மணி நேரத்துக்கு முன்பு ரத்துசெய்தவருக்குப் பணம் பிடித்தம் ஆகும். அதனால் ஆங்கில வாக்கியத்தின் பொருள் மாறும்போதெல்லாம் ஸ்ட்ரிங்கின் பெயரையும் மாற்றிவிடுவதை விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். `refund_rule` என்பது `refund_rule_v2` ஆகிவிட்டால், அந்தப் பெயரில் தமிழ் இல்லை என்பதை ஆண்ட்ராய்டின் சோதனைக் கருவியே `MissingTranslation` என்று அடுத்த முறை சொல்லிவிடும். மொழிபெயர்ப்பாளரின் தாளில் அது புதிய, காலியான வரியாக வந்து நிற்கும்.